எண்ணிக்கை இல்லாத லீவைக் கேட்பது எப்படி?

அமெரிக்க மென்பொருள் நிறுவனம் ஒன்றின் ஆஃபர் கடிதத்தில் ‘அன்லிமிடெட் பி.டி.ஓ.’ என்று இருந்தால், வருடத்துக்கு இத்தனை நாள் என்று கணக்கு வைக்கும் லீவு உங்களுக்குக் கிடையாது. மேனேஜர் சரி என்றால் எத்தனை நாளும் எடுக்கலாம். சிக்கலும் அங்கேதான். பதினைந்து நாள் லீவு உள்ள கம்பெனியில் பதினைந்தாவது நாளைக் கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை, அது சம்பளத்தின் ஒரு பகுதி. எண்ணிக்கையே இல்லாத இடத்தில் எட்டாவது நாளைக் கேட்கும்போதே ‘அதிகமாகிவிட்டதோ’ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. இருப்பதிலேயே கடினமான லீவை இந்த அத்தியாயம் எடுத்துக்கொள்கிறது: அமெரிக்காவில் வேலை பார்ப்பவர் ஊருக்குப் போய்வர மூன்று வாரத்துக்கு மேல் லீவு கேட்பது. இதைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால் மற்ற லீவுகளுக்குத் தனிப் பாடம் தேவையில்லை.

முதலில் ஒரு விஷயம்: எண் இருக்கிறது, எழுதப்படவில்லை

அமெரிக்க மத்தியச் சட்டம் தனியார் ஊழியருக்குச் சம்பளத்துடன் கூடிய ஆண்டு விடுப்பு தரச் சொல்வதில்லை. பெரும்பாலான மாநிலங்களில் கொடுப்பதும் கொடுக்காததும் முதலாளியின் விருப்பம். அதனால் அன்லிமிடெட் என்ற வார்த்தைக்குப் பின்னால் பெரும்பாலும் எந்தச் சட்டக் கணக்கும் இல்லை, மேனேஜரின் மனக்கணக்கு மட்டும் இருக்கிறது. அந்த மனக்கணக்கு ஊழியருக்குத் தெரியாததால் என்ன நடக்கிறது என்பதை நிறுவனங்களே கண்டுகொண்டிருக்கின்றன. கிக்ஸ்டார்ட்டர் 2015-ல் எல்லையில்லா லீவைக் கைவிட்டு, வருடத்துக்கு 25 நாள் என்று வரையறுத்தது. எவ்வளவு எடுப்பது சரி என்பது ஊழியர்களுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம். கோல்ட்மேன் சாக்ஸ் 2022-ல் மேல்மட்ட அதிகாரிகளுக்கு எல்லையில்லா லீவை அறிவித்தபோது, எல்லா ஊழியர்களும் குறைந்தது 15 நாளாவது எடுத்தாக வேண்டும் என்பதையும் சேர்த்தே சொன்னது. மேல் எல்லையை எடுத்தால் ஆட்கள் அதிகமாக எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சியிருந்தால் கீழ் எல்லை வைக்கத் தேவையே இருந்திருக்காது.

எழுதப்படாத அந்த எண் பெரும்பாலும் பழைய முறையின் எண்ணையே ஒட்டியிருக்கும். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2021-ம் ஆண்டுக் கணக்குப்படி, தனியார் துறையில் ஓராண்டு முடித்தவருக்குச் சராசரியாக 11 நாள், ஐந்தாண்டு முடித்தவருக்கு 15 நாள், பத்தாண்டு முடித்தவருக்கு 18 நாள், இருபதாண்டு முடித்தவருக்கு 20 நாள் விடுமுறை கிடைக்கிறது. உங்கள் மேனேஜரும் இப்படிப்பட்ட கம்பெனிகளில் இருந்து வந்தவர்தான். 15 முதல் 20 நாள் அவர் கண்ணை உறுத்தாது. 25-ஐத் தாண்டினால் அவர் கவனிக்கத் தொடங்குவார் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ‘இவர் அதிகமாக லீவு எடுக்கிறார்’ என்ற பெயர் எண்ணிக்கையால் மட்டும் வருவதில்லை. பல கம்பெனிகளில் அன்லிமிடெட் லீவின் நாட்களை யாரும் கூட்டிப் பார்ப்பதே இல்லை. கூட்டிப் பார்க்காத இடத்தில் ஞாபகம்தான் கணக்கு வைக்கிறது, ஞாபகத்தில் நிற்பதோ தொந்தரவு. உங்கள் லீவால் ரிலீஸ் தள்ளிப்போனது, நடுராத்திரியில் வேறொருவர் எழுந்து உங்கள் கோடைப் பார்க்க வேண்டியிருந்தது, மீட்டிங்கில் உங்கள் பெயர் வந்தபோது யாருக்கும் பதில் தெரியவில்லை: இவைதான் மனதில் தங்கும். பத்து வெள்ளிக்கிழமைகளைத் தனித்தனியாக எடுத்தவரும் இரண்டு வாரம் சேர்த்து எடுத்தவரும் எடுத்தது ஒரே பத்து நாள்தான். முதலாமவர் பத்துத் தடவை ‘ஆளில்லை’ என்று பதிகிறார், இரண்டாமவர் ஒரு தடவை. ஆகவே நாளைக் குறைப்பதில் மெனக்கெடாதீர்கள், தொந்தரவைக் குறையுங்கள். கீழே உள்ள படிகளெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருபவை.

கேட்பதற்கு முன்

1. டீமின் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். டீம் காலண்டரில் கடந்த பன்னிரண்டு மாதத்தைத் திருப்பிப் பார்த்து, உங்கள் மட்டத்தில் உள்ள இரண்டு மூன்று பேரும் மேனேஜரும் எத்தனை நாள், எத்தனை நாள் தொடர்ச்சியாக, எந்த மாதங்களில் எடுத்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மொத்தத்தைவிடத் தொடர்ச்சி முக்கியம். யாருமே இரண்டு வாரத்துக்கு மேல் சேர்த்து எடுத்ததில்லை என்றால் உங்கள் மூன்று வாரம் அங்கே புதுசு, கூடுதல் முன்னறிவிப்பு தேவைப்படும். பிறகு மேனேஜரிடமே நேராகக் கேளுங்கள்: “நம் டீமில் சாதாரணமாக வருடத்துக்கு எவ்வளவு எடுப்பார்கள்? ஒரே தடவையில் எவ்வளவு வரை சிரமமில்லை?” லீவு கேட்கும் நாளில் இதைக் கேட்காதீர்கள். அதற்குப் பல வாரம் முன்பு, வேறு பேச்சோடு பேச்சாகக் கேட்டால்தான் உண்மையான பதில் வரும்.

2. உங்களுக்கென ஓர் எண்ணை வைத்து, வருடத்துக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். ‘நானே எல்லை போட்டுக்கொண்டால் அன்லிமிடெட்டுக்கு என்ன அர்த்தம்’ என்று தோன்றலாம். எல்லை ஏற்கெனவே இருக்கிறது, நீங்கள் அதைத் தெரிந்துகொள்கிறீர்கள், அவ்வளவுதான். எண் இல்லாதவர்கள் பெரும்பாலும் அதிகமாக எடுத்து மாட்டிக்கொள்வதில்லை. ஒவ்வொரு தடவையும் தயங்கித் தயங்கி, டிசம்பரில் பார்க்கும்போது ஒன்பது நாள்தான் எடுத்திருப்பார்கள். 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை யாரிடமும் உச்சவரம்பாக அறிவிக்க வேண்டாம், உங்கள் நோட்டில் இருந்தால் போதும்.

3. காலண்டரை உங்களுக்குச் சாதகமாக்குங்கள். ஓர் உதாரணத்தை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 2026 டிசம்பர் 25 வெள்ளிக்கிழமை. 2027 ஜனவரி 1-ம் வெள்ளி. பொங்கல் ஜனவரி 15. மார்ட்டின் லூதர் கிங் நாள் ஜனவரி 18, திங்கள். டிசம்பர் 24 வியாழன் மாலை வேலை முடித்துக் கிளம்பி, ஜனவரி 18-க்குள் திரும்பி, 19 செவ்வாய் காலை வேலைக்கு வருகிறீர்கள். இடையில் 25 நாட்கள். டிசம்பர் 28 முதல் 31 வரை நான்கு, ஜனவரி 4 முதல் 8 வரை ஐந்து, 11 முதல் 15 வரை ஐந்து என, உங்கள் கம்பெனி மூன்று விடுமுறைகளையும் தருமானால், லீவாக எடுப்பது 14 நாள்தான். கிறிஸ்துமஸ் வாரத்தில் கம்பெனியே மூடினால் 10. மேலும் இது இரண்டு ஆண்டுகளில் விழுகிறது: 2026 கணக்கில் நான்கு, 2027 கணக்கில் பத்து. 2027-ன் மீதிப் பத்தில் கோடையில் ஐந்தும், தீபாவளிக்கும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கும் ஐந்தும் வைக்கலாம். அந்த டிசம்பரிலும் ஊருக்குப் போகும் எண்ணமிருந்தால் அதற்கு நான்கு நாளை இந்தப் பத்திலிருந்தே இப்போதே ஒதுக்கியாக வேண்டும்.

> குறிப்பு: எல்லாக் கம்பெனிக்கும் டிசம்பர் பொருந்தாது. ஆன்லைன் விற்பனை நிறுவனத்தில் தேங்க்ஸ்கிவிங் முதல் கிறிஸ்துமஸ் வரை லீவு கேட்பது, நம் ஊர் ஜவுளிக்கடையில் தீபாவளி வாரத்தில் லீவு கேட்பதற்குச் சமம். மாறாக, ஆண்டுக் கடைசியில் புது மாற்றங்களை உற்பத்திச் சர்வரில் ஏற்றக் கூடாது என்று தடை போடும் கம்பெனிகளில் அந்த வாரங்கள்தான் மிகச் சுலபம்.

கேட்கும் வரிசை

வரிசை மாறினால் அதே லீவு வேறு மாதிரித் தெரியும். மிகவும் சாதாரணமான தவறு, டிக்கெட் போட்டுவிட்டு வந்து சொல்வது. டிசம்பர் கட்டணம் ஏறும் என்ற அவசரம் புரிகிறது. ஆனால் டிக்கெட்டோடு வந்து கேட்பது மேனேஜருக்கு முடியாது என்று சொல்லும் வாய்ப்பைப் பறிப்பது. அவர் சரி என்றே சொல்வார், கூடவே மனதில் ஒரு புள்ளியும் வைப்பார். ஆகஸ்டிலேயே கேட்டுவிட்டால் கட்டணமும் பரவாயில்லாமல் இருக்கும், அனுமதியும் முறையாக வரும்.

1. முதலில் வாய்மொழியாக, தனிச் சந்திப்பில். தேதியோடும் ஏற்பாட்டோடும் சேர்த்துச் சொல்லுங்கள். “டிசம்பர் 28-லிருந்து ஜனவரி 15 வரை, 14 வேலை நாள், இந்தியா போக நினைக்கிறேன். நவம்பர் கடைசி ரிலீஸில் என் பகுதி முடிந்துவிடும். ஜனவரி முதல் இரண்டு வாரத் திட்டமிடலுக்கு என் மதிப்பீடுகளை முன்பே கொடுத்துவிடுவேன். இதில் உங்களுக்கு எந்த வாரமாவது சிக்கலாக இருக்குமா?” கடைசிக் கேள்விதான் முக்கியம். ‘போகலாமா’ என்று கேட்டால் அவர் உங்களை எடைபோட வேண்டும். ‘எந்த வாரம் சிக்கல்’ என்று கேட்டால் அவர் காலண்டரை எடைபோடுவார்.

2. அன்றே எழுத்தில். பேசியதைச் சுருக்கி ஒரு மெயில் அனுப்புங்கள். கம்பெனியின் லீவு மென்பொருளில் பதிவு செய்யும் வசதி இருந்தால் பதியுங்கள். மேனேஜர்கள் மாறுவார்கள். ஆகஸ்டில் சரி என்றவர் நவம்பரில் வேறு டீமுக்குப் போய்விட்டால், புது மேனேஜருக்குக் காட்ட அந்த மெயில் வேண்டும்.

3. பிறகு டீம் காலண்டர், அதற்குப் பிறகு டிக்கெட். காலண்டரில் மொத்த நாட்களையும் ஒரே நீளக் கோடாகப் போடுங்கள்.

4. ஆன்-கால் முறையை முன்பே மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் முறை ஜனவரியில் வந்தால், தேங்க்ஸ்கிவிங் வாரத்தை நீங்கள் எடுத்துக்கொள்வதாகச் சக ஊழியரிடம் சொல்லுங்கள். நம்மில் பலருக்கு அந்த வாரம் பெரிய குடும்ப விழா இல்லை, அவருக்கு அது வருடத்தின் முக்கிய நாள். இந்த ஒரு பரிமாற்றம் உங்கள் மூன்று வாரத்தைப் பற்றிய முணுமுணுப்பைப் பெருமளவு அடைத்துவிடும்.

5. ஆண்டு மதிப்பீட்டை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். பல கம்பெனிகளில் மேனேஜர்கள் கூடி யாருக்கு என்ன மதிப்பெண் என்று பேசுவது டிசம்பர், ஜனவரியில்தான். உங்கள் சுய மதிப்பீட்டை எழுதிக் கொடுக்காமல் போனால், அந்த அறையில் உங்களைப் பற்றித் தெரிந்த ஒரே புதுச் செய்தி நீங்கள் ஊரில் இல்லை என்பதாகவே இருக்கும்.

‘இத்தனை நியாயம் எதற்கு? கொள்கையிலேயே எல்லையில்லை என்றுதானே இருக்கிறது’ என்று ஒருவர் கேட்கலாம். கொள்கையை முழுதாகப் படித்தால் மேனேஜரின் அனுமதிக்கும் வேலையின் தேவைக்கும் உட்பட்டது என்ற வரி அநேகமாக இருக்கும். உரிமை என்று வாதாட அதில் பிடிமானம் குறைவு. அதே சமயம் மன்னிப்புக் கேட்கும் தொனியும் தேவையில்லை. ஊருக்குப் போவதற்கான காரணங்களை அடுக்கினால், காரணம் தேவைப்படும் அளவுக்கு இது பெரிது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிறது. தாத்தாவின் சதாபிஷேகம், தங்கை கல்யாணம் என்பதை மகிழ்ச்சியோடு சொல்லுங்கள், சாக்காகச் சொல்லாதீர்கள்.

விசா ஸ்டாம்பிங்: தனி எச்சரிக்கை

ஹெச்-1பி விசாவில் இருந்து, பாஸ்போர்ட்டில் ஸ்டாம்பிங் செய்ய வேண்டியிருந்தால் லீவின் நீளம் உங்கள் கையில் இல்லை. சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகம் கூடுதல் பரிசீலனை என்று நிறுத்திவைத்தால் வாரங்கள், சில சமயம் மாதங்கள் கூட ஆகலாம். 2025 டிசம்பரில் இந்தியாவில் நேர்காணல் வைத்திருந்த ஏராளமானோரின் தேதிகளைத் தூதரகங்களே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைத்தன. ஊருக்கு வந்துவிட்ட பலர் திரும்ப முடியாமல் தங்க நேர்ந்தது. இதனால் மூன்று காரியம் செய்யுங்கள். நேர்காணலைப் பயணத்தின் கடைசி வாரத்தில் வைக்காமல் முதல் வாரத்தில் வையுங்கள். தாமதம் ஆகலாம் என்பதை லீவு கேட்கும்போதே மேனேஜரிடம் சொல்லுங்கள், பிறகு சொன்னால் நீட்டிப்பதற்கான தந்திரம் போலத் தெரியும். தாமதமானால் அந்த நாட்கள் சம்பளத்தோடா, சம்பளமில்லாமலா, அங்கிருந்து வேலை செய்யலாமா என்பதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

‘லேப்டாப்பை எடுத்துப் போய் இரண்டு வாரம் அங்கிருந்தே வேலை பார்த்தால் லீவு குறைவாகத் தெரியுமே’ என்பது பலரும் யோசிக்கும் வழி. அனுமதியில்லாமல் செய்யாதீர்கள். வேறு நாட்டிலிருந்து வேலை செய்வது கம்பெனிக்கு வரி, தரவுப் பாதுகாப்பு, ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்று பல சிக்கல்களைக் கொண்டுவரும். பல கம்பெனிகள் உள்நுழையும் நாட்டைக் கண்காணிக்கின்றன. லீவு அதிகம் என்ற பெயரைத் தவிர்க்கப் போய் விதிமீறல் என்ற பெயரை வாங்குவது மோசமான வியாபாரம். அனுமதி கிடைத்தாலும் நேரத்தை யோசியுங்கள்: குளிர்காலத்தில் சென்னை நியூயார்க்கைவிட பத்தரை மணி நேரமும் கலிஃபோர்னியாவைவிட பதின்மூன்றரை மணி நேரமும் முன்னால் இருக்கிறது. மூன்று வாரம் இரவில் கண்விழிப்பது ஊருக்குப் போனதாகாது.

லீவில் இருக்கும்போது

கையளிப்புக் குறிப்பு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு வேலைக்கும் மூன்று விஷயம்: இப்போது எங்கே நிற்கிறது, யார் பார்ப்பார்கள், எது கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கெட்டுப்போன பிறகு உங்களை நினைப்பதும் அதனால்தான்.

போன பிறகு அவ்வப்போது மெசேஜுக்குப் பதில் போடுவது பொறுப்பாகத் தெரியும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. இரண்டு நாள் பதில் வந்து மூன்றாம் நாள் வராவிட்டால் ‘ஆளைப் பிடிக்கவே முடியவில்லை’ என்பார்கள். முதலிலிருந்தே வராது என்று தெரிந்தால் மாற்று ஆளிடம் போவார்கள். உண்மையான அவசரத்துக்கு ஒரே ஒரு நபரிடம் உங்கள் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்துவிட்டு மற்றதை மூடிவிடுங்கள்.

எதை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது

அறுவை சிகிச்சை, பிரசவம், அப்பா அம்மாவின் கடும் நோய் போன்றவற்றை அன்லிமிடெட் லீவில் போட்டு ‘நல்ல பிள்ளை’ ஆகப் பார்க்காதீர்கள். ஐம்பது ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனத்தில் ஓராண்டும், அந்த ஆண்டில் 1,250 மணி நேரமும் வேலை செய்தவருக்கு எஃப்.எம்.எல்.ஏ. என்ற மத்தியச் சட்டம் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பைத் தருகிறது. அந்த விடுப்பு எடுத்ததற்காக வேலையைப் பறிக்க முடியாது. சாதாரண லீவுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. உங்கள் மாநிலத்தில் சம்பளத்தோடு கூடிய குடும்ப விடுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள், கலிஃபோர்னியாவில் இருக்கிறது. இந்த வகை லீவை ஹெச்.ஆர். வழியாக, அதன் பெயரிலேயே கேட்க வேண்டும்.

அதிகமாகிவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது

உடனே சரி சொல்லிக்கொண்டிருந்தவர் பதில் சொல்ல ஒரு வாரம் எடுக்கிறார். முக்கியமான வேலை உங்களைத் தாண்டி வேறொருவருக்குப் போகிறது. மதிப்பீட்டில் ‘கிடைப்பதில்லை’ என்ற பொருளில் ஒரு வரி வருகிறது. ஒன்று மட்டும் என்றால் தற்செயலாக இருக்கலாம், இரண்டு சேர்ந்தால் பேசிவிடுங்கள். உங்கள் நோட்டில் உள்ள தேதிப் பட்டியலோடு போய், “இந்த வருடம் இதுவரை 14 நாள் எடுத்திருக்கிறேன். இதில் எது சிரமமாக இருந்தது?” என்று கேளுங்கள். அவர் மனதில் இருந்த எண் பெரும்பாலும் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும், பட்டியல் அதைத் திருத்தும். மேனேஜர் தானும் லீவே எடுக்காதவர் என்றால் பட்டியலும் உதவாது. கம்பெனியில் குறைந்தபட்ச நாள் என்று ஏதாவது பரிந்துரை இருக்கிறதா என ஹெச்.ஆரிடம் கேட்டு, அதைப் பிடித்துக்கொள்வதுதான் வழி.

கடைசியாகப் பணக்கணக்கு. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் சேர்த்துவைத்த லீவுக்கு, வேலையை விடும்போது சம்பளம் கொடுத்தாக வேண்டும். அன்லிமிடெட் முறையில் சேர்வது என்று எதுவும் இல்லாததால் பொதுவாக அந்தப் பணமும் இல்லை. ராஜினாமா கொடுத்த பிறகு லீவு கேட்டால் அநேகமாகக் கிடைக்காது. வேறு வேலைக்கு மாறும் யோசனை இருந்தால், ஊர்ப் பயணத்தை முடித்துக்கொண்டு வந்து நோட்டீஸ் கொடுங்கள்.